விழுந்துகொண்டே இருந்தால் எடை எங்கே போகும்?

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கலாம். பதிலை நோட்டில் ஒரே வரியில் எழுதி வையுங்கள், பாடம் முடியும்போது நீங்களே திருத்திக்கொள்ளலாம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் ஏன் மிதக்கிறார்கள்? பேனாவைக் கையிலிருந்து விட்டால் அப்படியே அந்தரத்தில் நிற்கிறது, தண்ணீர் உருண்டை உருண்டையாக மிதந்து வருகிறது, தூங்கும்போது தூக்கப் பையைச் சுவரோடு கட்டிக்கொள்கிறார்கள். இந்த வீடியோக்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஏன் அப்படி நடக்கிறது?

இதை நான் எந்த வகுப்பில் கேட்டாலும் முதலில் வரும் பதில், "அங்கே புவியீர்ப்பு இல்லை சார்" என்பதுதான். அடுத்தது, "அங்கே காற்று இல்லை". இரண்டுமே தவறு. இந்த இரண்டையும் மனதிலிருந்து எடுத்த பிறகுதான் சரியான விளக்கத்துக்கு இடம் கிடைக்கும், அதனால் முதலில் இவற்றைப் பார்த்துவிடுவோம்.

காற்று விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். நிலையத்துக்கு வெளியேதான் காற்று கிட்டத்தட்ட இல்லை, உள்ளே இருக்கிறது. கடல் மட்டத்தில் நாம் சுவாசிக்கும் அதே அழுத்தத்தில்தான் அங்கே காற்றை வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றுக்கு நடுவில்தான் பேனா மிதக்கிறது. இன்னொரு பக்கம், நிலாவில் காற்றே கிடையாது, ஆனால் அங்கே யாரும் மிதப்பதில்லை. 1971-இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலாவில் நின்றபடி ஒரு சுத்தியலையும் ஒரு இறகையும் ஒரே நேரத்தில் விட்டார், இரண்டும் சேர்ந்தே தரையில் விழுந்தன. ஆகவே காற்று இருப்பதற்கும் மிதப்பதற்கும் சம்பந்தமில்லை.

புவியீர்ப்பு விஷயத்துக்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். விண்வெளி நிலையம் தரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. கேட்க அதிகமாகத் தெரிகிறது இல்லையா? (மேசைமேல் இருக்கும் பூகோள உருண்டையைக் கையில் எடுக்கவும்.) இந்த உருண்டையின் குறுக்களவு 30 சென்டிமீட்டர் என்றால், இதே அளவுகோலில் விண்வெளி நிலையம் இதன் மேற்பரப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவான உயரத்தில் இருக்கும், அதாவது என் சுண்டு விரலை உருண்டைமேல் படுக்க வைத்தால் எவ்வளவு தடிமனோ அவ்வளவுதான். இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது ஈர்ப்பு எப்படி இல்லாமல் போகும்?

புவியீர்ப்பு, பூமியின் மையத்திலிருந்து இருக்கும் தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று படித்திருக்கிறீர்கள். தூரத்தை அளப்பது மையத்திலிருந்து, தரையிலிருந்து அல்ல. இந்த இடத்தில்தான் நிறைய பேர் தடுமாறுவார்கள். தரையில் நிற்கும்போதே நாம் மையத்திலிருந்து 6371 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம், நிலையத்தில் இருப்பவர் 6771 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். 6371-ஐ 6771-ஆல் வகுத்து, வந்ததை இருமடியாக்கினால் 0.885 வரும். தரையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்றால் அங்கே 9.8 × 0.885, அதாவது கிட்டத்தட்ட 8.7 மீட்டர்/நொடி². தரையில் இருப்பதில் நூற்றுக்கு 88 பங்குக்கும் மேல் அப்படியே இருக்கிறது.

400 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி, அதன் உச்சியில் எடை பார்க்கும் இயந்திரத்தை வைத்து, தரையில் 60 கிலோ காட்டும் ஒருவரை ஏற்றி நிறுத்தினால் அது 53 கிலோ காட்டும். அவர் மிதக்க மாட்டார், கோபுர விளிம்பிலிருந்து கால் தவறினால் கீழேதான் போவார். அதே உயரத்தில், அவருக்குப் பக்கத்தில் பறந்து போகும் நிலையத்துக்குள் இருப்பவர் மட்டும் மிதக்கிறார். இடம் ஒன்று, ஈர்ப்பும் ஒன்று, ஆனால் ஒருவர் நிற்கிறார், ஒருவர் மிதக்கிறார். அப்படியானால் காரணம் இடத்தில் இல்லை, அவர்கள் இருவரும் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. கோபுரத்தில் இருப்பவர் நிற்கிறார், நிலையத்தில் இருப்பவர் விழுந்துகொண்டிருக்கிறார்.

சரி, விழுவதற்கும் எடை இல்லாமல் போவதற்கும் என்ன தொடர்பு?

இப்போது நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் எடையை எங்கே உணர்கிறீர்கள்? கண்ணை மூடி யோசியுங்கள். உடம்பு பெஞ்சைத் தொடும் இடத்தில், பாதம் தரையைத் தொடும் இடத்தில், கை மேசையில் ஊன்றியிருக்கும் இடத்தில். நீங்கள் உணர்வது பூமி உங்களைக் கீழே இழுப்பதை அல்ல, பெஞ்சும் தரையும் உங்களை மேலே தள்ளுவதை. பூமியின் இழுப்பு உடம்பின் ஒவ்வொரு துளியையும் ஒரே மாதிரி இழுக்கிறது, அதைத் தனியாக உணரும் உறுப்பு எதுவும் நம்மிடம் இல்லை. எதிரே ஏதாவது நின்று தடுக்கும்போதுதான் உடம்பு அமுங்குகிறது, அந்த அமுக்கத்தைத்தான் நாம் எடை என்று உணர்கிறோம்.

எடை இயந்திரமும் அப்படித்தான். அது பூமியின் இழுப்பை நேரடியாக அளப்பதில்லை, உங்கள் பாதத்தை எவ்வளவு விசையோடு அது மேலே தள்ள வேண்டியிருக்கிறது என்பதைத்தான் அளக்கிறது, பிறகு அதை 9.8-ஆல் வகுத்துக் கிலோவாகக் காட்டுகிறது. பாடப் புத்தகத்தில் "தோற்ற எடை" என்று ஒரு சொல் வருமே, அது இந்தத் தள்ளும் விசைதான். புவியீர்ப்பு விசை வேறு, தோற்ற எடை வேறு. இந்தப் பாடத்தில் வரும் குழப்பத்தில் முக்கால்வாசி, இந்த இரண்டுக்கும் நாம் "எடை" என்று ஒரே பெயர் வைத்திருப்பதால் வருவது.

லிஃப்டில் எடை இயந்திரத்தை வைத்து ஏறி நின்றால் இது கண்ணுக்கே தெரியும். லிஃப்ட் நிற்கும்போது 60 கிலோ காட்டுகிறது. கீழே போக ஆரம்பிக்கும் அந்த ஒரு கணம், லிஃப்ட் 2 மீட்டர்/நொடி² முடுக்கத்தோடு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது இயந்திரம் தள்ள வேண்டிய விசை 60 × (9.8 − 2), அதாவது 468 நியூட்டன். 9.8-ஆல் வகுத்தால் 48 கிலோவுக்கு ஒரு மயிரிழை குறைவு. உங்கள் உடம்பில் எதுவும் குறையவில்லை, பூமி இழுப்பதும் குறையவில்லை, காலுக்குக் கீழே இருந்த தளம் கொஞ்சம் விலகிப் போக ஆரம்பித்ததால் அது தள்ளுவது குறைந்தது, அவ்வளவுதான். லிஃப்ட் சீரான வேகத்துக்கு வந்ததும் மறுபடி 60 காட்டும். வேகம் எவ்வளவு என்பது இயந்திரத்துக்குத் தெரியாது, வேகம் மாறுவது மட்டும்தான் தெரியும்.

இப்போது கற்பனையில் மட்டும் அந்த லிஃப்டின் கம்பி அறுந்து, பிரேக்கும் பிடிக்காமல், லிஃப்ட் 9.8 முடுக்கத்தோடு விழுகிறது. 60 × (9.8 − 9.8) = 0. இயந்திரம் பூஜ்யம் காட்டுகிறது. நீங்கள் எவ்வளவு வேகமாக விழுகிறீர்களோ அதே வேகத்தில் இயந்திரமும் விழுகிறது, லிஃப்டின் தளமும் விழுகிறது. இயந்திரத்தை அழுத்த உங்களால் முடியாது, ஏனென்றால் அது உங்கள் காலுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. பையிலிருந்து பேனாவை எடுத்து விட்டால் அது உங்கள் முகத்துக்கு நேரே நிற்கும், அதுவும் உங்களோடு சேர்ந்து விழுகிறது. லிஃப்டுக்கு வெளியே இருப்பவருக்கு எல்லாம் சேர்ந்து விழுவது தெரியும். உள்ளே இருக்கும் உங்களுக்கு எல்லாம் மிதப்பதாகத் தெரியும்.

சொன்னால் மட்டும் போதாது, செய்து பார்ப்போம். (பக்கவாட்டில் துளையிட்ட ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை எடுக்கவும்.) பாட்டிலின் பக்கவாட்டில், அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே, ஒரு பென்சில் முனை நுழையும் அளவுக்குத் துளை போட்டிருக்கிறேன். துளையை விரலால் மூடிக்கொண்டு தண்ணீர் நிரப்புகிறேன். மூடியைக் கழற்றியே வைத்திருக்கிறேன், காரணத்தை அப்புறம் சொல்கிறேன். விரலை எடுத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. ஏன்? மேலே இருக்கும் தண்ணீர் கீழே இருக்கும் தண்ணீரை அழுத்துகிறது, அழுத்தத்துக்கு உள்ளான தண்ணீர் கிடைத்த வழியில் வெளியே வருகிறது.

இப்போது பாட்டிலை விடப் போகிறேன். விழும்போது தண்ணீர் துளை வழியாக வருமா, வராதா? கை தூக்குங்கள். நான் பார்த்தவரை "இன்னும் வேகமாக வரும்" என்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

(நாற்காலிமேல் ஏறி நின்று, கீழே வாளி வைத்து, பாட்டிலை விடவும்.)

நின்றுவிட்டது. கையை விட்டு இறங்கிய கணத்திலிருந்து வாளியில் விழும்வரை துளையிலிருந்து ஒரு சொட்டு புதிதாக வரவில்லை. இரண்டு மீட்டர் விழ 0.64 நொடிதான் ஆகும், கண்ணால் பிடிப்பது கஷ்டம், அதனால் போனில் மெதுவாக ஓடும் வீடியோவாக எடுத்துப் பாருங்கள். மேலே இருக்கும் தண்ணீரும் கீழே இருக்கும் தண்ணீரும் ஒரே முடுக்கத்தில் விழுகின்றன. மேல் தண்ணீர் கீழ்த் தண்ணீரின்மேல் இப்போது உட்கார்ந்திருக்கவில்லை, அதனால் அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லாததால் தண்ணீர் வெளியே வரவில்லை. புவியீர்ப்பை யாரும் நிறுத்தவில்லை, அது இருப்பதால்தானே பாட்டில் விழுந்தது!

மூடியைக் கழற்றி வைத்ததற்குக் காரணம் இதுதான்: மூடியை இறுக்கி மூடினால், காற்று உள்ளே போக வழியில்லாமல் பாட்டில் கையில் இருக்கும்போதே தண்ணீர் நின்றுவிடும். பிறகு பாட்டிலை விட்டு "பார்த்தீர்களா, நின்றுவிட்டது" என்றால் அது வேறு காரணத்தால் நின்ற தண்ணீர், பரிசோதனை எதையும் நிரூபிக்காது. இன்னொன்று, விடும்போது கை தட்டிப் பாட்டில் சுழன்றால், அந்தச் சுழற்சி தண்ணீரை வெளியே வீசும். அதைப் பார்த்துவிட்டு விளக்கம் தவறு என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டு மூன்று முறை நேராக விட்டுப் பாருங்கள்.

இதே பாட்டிலை இப்போது மேலே தூக்கிப் போடுகிறேன். கையை விட்டு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் வருமா?

வராது. ஏறும்போதும் வராது, உச்சியிலும் வராது, இறங்கும்போதும் வராது. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது, ஏனென்றால் இங்கேதான் "விழுதல்" என்ற சொல்லின் பொருள் மாறுகிறது. இயற்பியலில் விழுதல் என்றால் கீழ்நோக்கி நகர்வது என்று பொருளில்லை. புவியீர்ப்பு மட்டும் தன்மேல் செயல்பட, வேறு எதுவும் தாங்காமல் தள்ளாமல் ஒரு பொருள் நகர்ந்தால், அது எந்தத் திசையில் போனாலும் அதைத் தடையின்றி விழுவதாகவே சொல்வோம். மேலே எறிந்த பாட்டில் கையை விட்ட கணத்திலேயே விழ ஆரம்பித்துவிட்டது. அதன் மேல்நோக்கிய வேகம் நொடிக்கு 9.8 வீதம் குறைந்துகொண்டே வருகிறது, அதுவும் அதே 9.8 முடுக்கம்தான்.

விண்வெளி வீரர்களுக்குப் பயிற்சி தரும் விமானம் இதைத்தான் செய்கிறது. ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் ஏறி, இன்ஜின் விசையைக் குறைத்து, எறிந்த பந்து போகும் வளைவிலேயே விமானத்தை ஓட்டுகிறார்கள். அந்த வளைவில் ஏறி இறங்கும் ஏறத்தாழ 20 நொடிக்கு உள்ளே இருப்பவர்கள் மிதக்கிறார்கள். ஜெர்மனியின் பிரெமென் நகரத்தில் ஒரு விழும் கோபுரம் இருக்கிறது, அங்கே பரிசோதனைப் பெட்டியை 110 மீட்டர் விழவிட்டு ஆராய்ச்சி செய்கிறார்கள். 110 மீட்டர் விழ எத்தனை நொடி ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள், 4.7 வரும். அந்த உயரத்துக்குக் காற்றின் தடையை அலட்சியம் செய்ய முடியாது என்பதால் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் பெட்டியை விடுவார்கள். நம் பாட்டில் பரிசோதனையின் பெரிய வடிவம்தான் அது.

எல்லாம் சரி. பாட்டில் வாளியில் விழுந்து முடிந்துவிட்டது, கோபுரத்தில் பெட்டி 4.7 நொடியில் அடியைத் தொட்டுவிடுகிறது. விண்வெளி நிலையம் மட்டும் ஏன் இத்தனை வருடமாக விழுந்துகொண்டே இருந்தும் தரையில் மோதவில்லை?

ஏனென்றால் அது பக்கவாட்டில் பயங்கர வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது, பூமியோ உருண்டை.

உயரமான மலைமேலிருந்து பீரங்கிக் குண்டைக் கிடையாகச் சுடுவதாக நியூட்டன் கற்பனை செய்தார். மெதுவாகச் சுட்டால் மலையடியில் விழும், வேகமாகச் சுட்டால் தள்ளிப் போய் விழும், இன்னும் வேகமாகச் சுட்டால் குண்டு கீழே இறங்க இறங்கத் தரையும் அதே அளவுக்கு வளைந்து விலகிக்கொண்டே போகும், குண்டு பூமியைச் சுற்றி வந்து சுட்ட இடத்துக்கே பின்பக்கமாக வந்துவிடும். காற்று மட்டும் குறுக்கே வரக்கூடாது.

இதை விண்வெளி நிலையத்துக்கு ஒரே ஒரு நொடிக்குப் போட்டுப் பார்ப்போம். போர்டில் எழுதுகிறேன், கூடவே போடுங்கள். நிலையத்தின் வேகம் நொடிக்கு 7.67 கிலோமீட்டர். நொடிக்கு, மணிக்கு அல்ல. இந்த வேகத்தில் ஏறத்தாழ 92 நிமிடத்தில் பூமியை ஒரு முறை சுற்றிவிடும்.

முதலில், ஒரு நொடியில் நிலையம் எவ்வளவு விழுகிறது? அங்கே முடுக்கம் 8.68.

h = ½ g t² = ½ × 8.68 × 1² = 4.34 மீட்டர்

அடுத்து, அதே ஒரு நொடியில் பூமி எவ்வளவு வளைந்து விலகுகிறது? ஒருவேளை புவியீர்ப்பு இல்லாமல் இருந்தால் நிலையம் நேர்கோட்டில் 7.67 கிலோமீட்டர் போயிருக்கும். பூமியின் மையத்திலிருந்து நிலையத்துக்கு ஒரு கோடு, 6771 கிலோமீட்டர். அதற்குச் செங்குத்தாக நிலையம் போன நேர்கோடு, 7.67 கிலோமீட்டர். செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது, பிதாகரஸ் தேற்றம் போதும். கர்ணத்தின் நீளம் 6771² + 7.67² என்பதன் வர்க்கமூலம். கால்குலேட்டரில் போட்டால் 6771.00434 வரும். அதாவது நேராகவே போயிருந்தால் அந்த ஒரு நொடி முடிவில் நிலையம் மையத்திலிருந்து 0.00434 கிலோமீட்டர் கூடுதலாக விலகியிருக்கும். மீட்டரில் சொன்னால், 4.34.

இரண்டு எண்களையும் பாருங்கள். விழுந்தது 4.34, விலகியது 4.34. ஒவ்வொரு நொடியும் நிலையம் கிட்டத்தட்ட ஒரு மாடிக்கும் கூடுதலான உயரம் பூமியை நோக்கி விழுகிறது, ஒவ்வொரு நொடியும் பூமி அதே அளவு கீழே வளைந்து போகிறது. அதனால் உயரம் மாறாமல் சுற்றி வருகிறது. விழுவது நிற்கவே இல்லை, தரைதான் எட்டவில்லை.

வேகம் நொடிக்கு 5 கிலோமீட்டராக இருந்திருந்தால்? 25-ஐ 2 × 6771-ஆல் வகுங்கள் (பிதாகரஸின் சுருக்கு வழி இது, வேகத்தின் இருமடியை ஆரத்தின் இரண்டு மடங்கால் வகுப்பது), 1.85 மீட்டர்தான் வரும். விழுவது 4.34, விலகுவது 1.85, முதல் நொடியிலேயே இரண்டரை மீட்டர் தரையை நெருங்கிவிடும், அப்புறம் இது கூடிக்கொண்டே போகும். ராக்கெட் ஏவும் வீடியோவை இனிமேல் பார்க்கும்போது கவனியுங்கள், நேராக மேலே கிளம்பிய ராக்கெட் கொஞ்ச நேரத்தில் சாய ஆரம்பித்து, பிறகு கிட்டத்தட்டக் கிடையாகவே ஓடும். 400 கிலோமீட்டர் உயரம் ஏறுவதற்கு ஆகும் சக்தியைவிட, இந்த 7.67 என்ற பக்கவாட்டு வேகத்தை எட்டுவதற்குத்தான் பல மடங்கு சக்தி ஆகும்.

நிலையம் விழுகிறது, உள்ளே இருப்பவர் விழுகிறார், அவர் கையிலிருந்த பேனா விழுகிறது, எல்லாவற்றுக்கும் ஒரே 8.68 முடுக்கம், ஒரே பக்கவாட்டு வேகம். கம்பி அறுந்த லிஃப்ட் தரையே எட்டாமல் விழுந்துகொண்டிருந்தால் எப்படியோ, அதுதான் விண்வெளி நிலையம்.

இங்கே ஒரு விளக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பல இடங்களில் அதைப் படிப்பீர்கள். "மையவிலக்கு விசையும் புவியீர்ப்பு விசையும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்வதால் வீரர்கள் மிதக்கிறார்கள்" என்று எழுதியிருப்பார்கள். நிலையத்தோடு சேர்ந்து சுற்றும் ஒருவரின் பார்வையிலிருந்து கணக்குப் போட்டால் அப்படி எழுதலாம், அதற்கென்று முறை இருக்கிறது. ஆனால் முதன்முதலாகக் கற்பவர்கள் அந்த வழியில் போக வேண்டாம் என்பது என் கருத்து. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு, நியூட்டனின் முதல் விதிப்படி, விசைகள் சமன்பட்டுவிட்டால் பொருள் நேர்கோட்டில் போக வேண்டும். நிலையம் நேர்கோட்டில் போகவில்லை, வளைந்து சுற்றுகிறது. அதன்மேல் சமன்படாத ஒரு விசை இருப்பதால்தான் வளைகிறது, அந்த விசை புவியீர்ப்பு. உண்மையிலேயே அங்கே புவியீர்ப்பு இல்லையென்றால் நிலையம் அடுத்த நொடியே நேராகக் கிளம்பிப் பூமியை விட்டுப் போய்விடும். மிதக்கும் வீரரைப் பூமியோடு பிடித்து வைத்திருப்பதே அந்த ஈர்ப்புதான்.

போன வகுப்பில் ஒரு மாணவி நல்ல கேள்வி கேட்டாள்: "சார், எடை பூஜ்யம்னா அங்கே ஒரு பெரிய பெட்டியை சுண்டு விரலால வீசிடலாமா?" முடியாது. பூஜ்யமானது தோற்ற எடை மட்டும்தான், நிறை அப்படியே இருக்கிறது. 200 கிலோ பெட்டியைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய அவசியம் அங்கே இல்லை, ஆனால் அதை நகர்த்த வேண்டுமென்றால் விசை = நிறை × முடுக்கம் என்ற விதி அங்கேயும் அதே விதிதான், சுண்டு விரலால் தள்ளினால் மிக மெதுவாகத்தான் நகரத் தொடங்கும். நகரத் தொடங்கியதை நிறுத்துவதற்கும் அதே பாடு. சுவருக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் கை மாட்டினால் நன்றாகவே நசுங்கும்.

அப்படியானால் மாதக்கணக்கில் அங்கே தங்குபவர்கள் தங்கள் உடம்பு இளைத்ததா என்று எப்படிப் பார்ப்பார்கள்? நம் எடை இயந்திரம் பூஜ்யம்தான் காட்டும். அதனால் ஸ்பிரிங் பொருத்திய ஒரு சாதனத்தில் உடம்பைப் பிணைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுகிறார்கள். நிறை அதிகமானால் ஆட்டம் மெதுவாக இருக்கும், குறைந்தால் வேகமாக இருக்கும். ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தை அளந்து, T = 2π√(m/k) என்ற சூத்திரத்திலிருந்து நிறையைக் கண்டுபிடித்துவிடலாம். இதில் g எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள், அதனால்தான் அங்கே இது வேலை செய்கிறது.

இன்னொரு சின்ன விஷயம். எடை முழுமையாகப் பூஜ்யமா? கண்டிப்பாகச் சொன்னால், இல்லை. 400 கிலோமீட்டர் உயரத்திலும் காற்று மிக மிக மெல்லியதாக இருக்கிறது, அது நிலையத்தை உரசி வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறது. மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் உயரம் குறையும், அதனால் அவ்வப்போது இன்ஜினை இயக்கி மறுபடி மேலே ஏற்றுகிறார்கள். அந்த நேரத்தில் உள்ளே மிதக்கும் பேனாவைப் பார்த்தால் அது மெதுவாகப் பின்சுவரை நோக்கி நகரும். உண்மையில் பேனா நகரவில்லை, அது முன்புபோல் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. இன்ஜின் தள்ளுவது சுவரை, பேனாவை அல்ல, அதனால் சுவர் பேனாவை நோக்கி வருகிறது. சுவர் வந்து தொட்டுத் தள்ள ஆரம்பித்த பிறகு பேனாவுக்கும் ஒரு மிகச் சின்னத் தோற்ற எடை வந்துவிடும். இன்ஜின் நின்றதும் அது மறுபடி போய்விடும்.

வீட்டுக்கு ஒரு கணக்கு. நிலா பூமியின் மையத்திலிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில், நொடிக்கு 1.02 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. அந்தத் தூரம் பூமியின் ஆரத்தைப்போல ஏறத்தாழ 60 மடங்கு, ஆகவே அங்கே புவியீர்ப்பு முடுக்கம் 9.8-ஐ 3600-ஆல் வகுத்தால் கிடைப்பது. ஒரு நொடியில் நிலா பூமியை நோக்கி எவ்வளவு விழுகிறது என்று h = ½ g t² போட்டுக் கண்டுபிடியுங்கள். பிறகு 1.02-இன் இருமடியை 2 × 3,84,400-ஆல் வகுத்து, அதே நொடியில் அது எவ்வளவு விலகியிருக்கும் என்று பாருங்கள். இரண்டும் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, கிட்டத்தட்ட ஒரே எண்ணாக வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கேயோ கிலோமீட்டரை மீட்டராக மாற்ற மறந்திருப்பீர்கள், நாளைக்கு நோட்டைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.